மூன்று மடங்கு கட்டி மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தோம்: அப்பாவால் செய்தித்தாள் படிக்க முடியவில்லை

என் தந்தைக்கு வயது 74. இடது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. சாதாரண மோனோஃபோகல் லென்ஸுக்கு ஆவதைப் போல மூன்று மடங்கு கட்டி மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தோம். நல்ல வெயிலில் ஓரளவு படிக்கிறார். பொழுது சாய்ந்தால் எழுத்துகள் தாளோடு கரைந்துவிடுகின்றன என்கிறார். விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது.

அந்த மருத்துவமனையில் லென்ஸைப் பற்றி எங்களிடம் பேசியவர் மருத்துவர் அல்லர், ஓர் ஆலோசகர். மோனோஃபோகல் ஒரு தூரத்துக்கு மட்டும், மல்டிஃபோகல் எல்லாத் தூரத்துக்கும் என்று தாளில் வரைந்து காட்டி, "இதை வைத்தால் கண்ணாடியே வேண்டாம் ஐயா" என்றார். நாள் தவறாமல் செய்தித்தாள் படிக்கும் அப்பாவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்துத்தான் நான் கையெழுத்திட்டேன்.

முதல் வாரம் கேட்டபோது வீக்கம் என்றார்கள். மூன்றாம் வாரம், மூளை பழகிக்கொள்ளும், பொறுங்கள் என்றார்கள். வளையங்கள் சில மாதங்களில் பலருக்கு உறுத்தாமல் போவது உண்மைதான். ஆனால் எழுத்து மங்குவதைப் பற்றிக் கேட்டபோது, "வயதானால் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வயது மூன்று மடங்கு வாங்கும்போது தெரியவில்லையா?

வேறொரு கண் மருத்துவர் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, விழித்திரையின் மையமான மாகுலாவில் வயது சார்ந்த தேய்வு தொடங்கியிருப்பதைக் காட்டினார். மல்டிஃபோகல் லென்ஸ் கண்ணுக்குள் வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கிடுவதால் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு சற்றுக் குறையும். நலமான மாகுலா அதைச் சமாளிக்கும், தேய்ந்த மாகுலாவுக்கு அது இரட்டை இழப்பு என்றார். இழந்த அந்தத் தெளிவை எந்தக் கண்ணாடியும் திருப்பித் தராது. தூரப் பார்வைக்கு அளவெடுத்து மோனோஃபோகல் வைத்திருந்தால், 40 செ.மீ. தொலைவில் பிடித்துப் படிக்க ஏறத்தாழ +2.50 பவரில் ஒரு படிக்கும் கண்ணாடி போதுமாயிருந்திருக்கும். அந்தக் கண்ணாடியைத் தவிர்க்கத்தான் மூன்று மடங்கு கொடுத்தோம்!

விரிவாக எழுத மனம் இல்லை; இவற்றை மட்டும் சொல்கிறேன். மல்டிஃபோகல் என்று யாராவது சொன்னால், மாகுலாவை ஸ்கேன் செய்தீர்களா என்று மருத்துவரிடமே கேளுங்கள். கண் அழுத்த நோயோ, சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்போ இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள். மல்டிஃபோகல் வைத்தவர்களிலும் சிலருக்குப் பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படும். லென்ஸை மாற்றும் எண்ணம் இருந்தால், லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வான பின்னுறையை லேசரால் திறக்கச் சம்மதிக்காதீர்கள். திறந்தபின் மாற்றுவது மிகக் கடினம். எங்களிடம் அந்த லேசரைத்தான் அடுத்து செய்யலாம் என்றார்கள், மறுத்துவிட்டோம்.

வலது கண்ணுக்கு மோனோஃபோகல் என்று முடிவு செய்துவிட்டோம்.