புளிப்பு ரொட்டிக்கு ஒரு வாராந்திரக் குறிப்பேடு: 14 மாத அனுபவம்

கடை ஈஸ்ட் இல்லாமல், மாவும் தண்ணீரும் கலந்து புளிக்க வைத்த தாய்மாவைக் கொண்டு ரொட்டி சுடுவதை நானாகவே கற்று வருகிறேன். வீடு புதுச்சேரி லாசுப்பேட்டையில். சனிக்கிழமை சுடுவேன். ஞாயிறு இரவு நோட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுவேன்: என்ன கற்றேன், எது குழப்பியது, அடுத்து என்ன.

நோட்டின் அருமை எனக்குப் புரிந்தது முதல் மே மாதத்தில். என் அளவு 500 கிராம் மாவு, 350 தண்ணீர், 100 தாய்மாவு, 10 உப்பு. செய்முறைக் குறிப்பில் இருந்தபடி ஆறு மணி நேரம் புளிக்க வைத்தேன். ரொட்டி தோசைக்கல்லில் ஊற்றியதுபோல் பரந்துவிட்டது. "தண்ணீர் அதிகமோ?" என்று "எது குழப்பியது" என்ற இடத்தில் எழுதி, அடுத்த வாரம் 325 ஆக்கினேன். அதற்கடுத்த வாரம் 300. அப்போதும் தட்டைதான்.

மூன்று பக்கங்களையும் சேர்த்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மூன்று வாரமும் மாவு பிசைந்தபோது இறுக்கமாகத்தான் இருந்தது. நான்கு மணி நேரம் கழித்தே இளகி ஒட்டத் தொடங்கியது. தண்ணீர் அதிகமானால் முதலிலிருந்தே ஒட்டியிருக்க வேண்டுமே! அம்மாவிடம் சொன்னேன். "கத்திரி வெயிலில் இட்லி மாவை ஆறு மணி நேரம் வெளியே வைப்போமா?" என்று கேட்டார். வெப்பமானியை மாவில் செருகிப் பார்த்தேன்: 32 டிகிரி. குறிப்போ 24 டிகிரிக்கு எழுதப்பட்டது. மாவு அளவுக்கு மீறிப் புளித்து, தன்னைத் தாங்கும் வலுவை இழந்திருந்தது.

"அடுத்து" என்ற இடத்தில் ஒரே ஒரு மாற்றம் எழுதினேன். தண்ணீர் மறுபடி 350, புளிக்கும் நேரத்தை மட்டும் மாவு எழும் உயரம் முடிவு செய்யும். பிசைந்த மாவில் ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி, நேர்ச்சுவர் கொண்ட சிறிய கண்ணாடி டம்ளரில் அழுத்தி, பெரிய மாவின் பக்கத்திலேயே வைத்தேன். மாவின் மட்டத்தில் ஒரு கோடு, அதைவிடப் பாதி உயரம் மேலே இன்னொரு கோடு. மேல்கோட்டை மூன்று மணி நாற்பது நிமிடத்தில் தொட்டது. அன்று ரொட்டி எழும்பி நின்றதைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டிசம்பர் மழையில் அதே கோட்டைத் தொட ஐந்தரை மணி நேரம் ஆனது.

குறை இல்லாமலில்லை. ஞாயிறு இரவுக்குள் மாவின் சூடும் நேரமும் மறந்துபோகும். அவற்றை மட்டும் சனிக்கிழமையே ஒரு வரி குறித்துவிடுகிறேன். முதல் கேள்விக்கு, எங்கோ படித்ததைக் கற்றதாக எழுதி மாதக்கணக்கில் பக்கங்களை வீணாக்கினேன். இப்போது என் கையில் நடந்ததை மட்டுமே எழுதுகிறேன். குழப்பத்தையும் "சரியாக வரவில்லை" என்று எழுதுவதில்லை. எந்த நேரத்தில், எது மாறியது என்று எழுதுகிறேன்.

இந்த வாரக் குழப்பம்: இரவு ஃபிரிட்ஜில் வைத்த மாவு, மேலே கீறிய இடத்தில் விரியாமல், சுடும்போது பக்கவாட்டில் வெடிக்கிறது. அடுத்து: அதே மாவு, அதே நேரம், கீறல் மட்டும் ஒரு சென்டிமீட்டர் ஆழம்.