ஆயிரம் டாலர் பில்லுக்குக் கையில் எத்தனை வெள்ளி?

புக்கிட் மெர்தாஜாமில் வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான்: "அக்கா, அமெரிக்கா கிளையண்ட் ஒண்ணு கெடச்சிருக்கு. காசை பேபால்ல வாங்கறதா, பேங்க் டிடியா, இல்ல வைஸா?" பில் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றான். முழுச் சம்பந்தமும் அங்கேதான் இருக்கிறது.

நான் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். மூன்று வழியிலும் வாங்கியிருக்கிறேன். ஒரே பில்லை மூன்றிலும் போட்டுப் பார்ப்போம். தொகை 1,000 டாலர். சந்தையின் நடு விலை டாலருக்கு 4.20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். யாரும் எதுவும் பிடிக்காவிட்டால் 4,200 வெள்ளி வர வேண்டும்.

முதலில் பேபால். வெளிநாட்டிலிருந்து வரும் வியாபாரப் பணத்துக்கு 4.4 விழுக்காடும் கூடவே 30 சென்ட்டும் பிடித்தால் மிச்சம் 955.70 டாலர். பலர் கணக்கை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த டாலரை மலேசிய வங்கிக்கு எடுக்கும்போது பேபாலே அதை வெள்ளியாக மாற்றும். மாற்றும் விலை நடு விலையைவிடக் குறைவு. 3 விழுக்காடு குறைவு என்று வைத்தால் விலை 4.074. கைக்கு வருவது 3,893 வெள்ளி. 300 வெள்ளிக்கு மேல் போய்விட்டது. அதில் ஏறக்குறைய 120 வெள்ளி எந்த ரசீதிலும் 'கட்டணம்' என்று தெரியாது, விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

அடுத்தது வங்கி டிடி (TT அதாவது தந்திப் பணமாற்று), சுவிஃப்ட் வழி. வாடிக்கையாளரின் வங்கியிலிருந்து நம் வங்கிக்கு நேராக வருவது போலத்தான் தோன்றும். நடுவில் ஓர் இடை வங்கி உட்கார்ந்திருக்கும். அது 15 முதல் 30 டாலர் வரை எடுத்துக்கொள்ளும். 20 என்று வைப்போம். இங்கே 980 டாலர் வந்து சேரும். நம் வங்கியின் விலைப் பட்டியலில் பார்க்க வேண்டியது Buying TT என்ற பத்தி. Selling பத்தியைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம், அது நாம் வெளியே அனுப்பும்போது. Buying TT 4.14, வங்கியின் உள்வரவுக் கட்டணம் 10 வெள்ளி என்றால் கையில் 4,047 வெள்ளி.

மூன்றாவது வைஸ் போன்ற சேவை. நம் பெயரில் ஓர் அமெரிக்கக் கணக்கு எண்ணும் ரௌட்டிங் நம்பரும் தருவார்கள். வாடிக்கையாளர் உள்ளூர் ஆளுக்கு அனுப்புவது போல ACH என்ற அமெரிக்க உள்நாட்டு வழியில் அனுப்புகிறார். 1,000 டாலர் முழுதாக வருகிறது. மாற்றுவது நடு விலையில், கட்டணம் தனியாகக் கண்ணுக்குத் தெரியும். 0.6 விழுக்காடு என்று வைத்தால் 4,174 வெள்ளி.

ஆக வைஸ், வங்கி, பேபால் என்பதுதான் வரிசை. ஆனால் தம்பியின் பில் 150 டாலர்தான். அதே கணக்கில் அவனுக்குப் பேபாலில் 583 வெள்ளி வரும், வங்கி டிடியில் 528. வரிசை புரண்டுவிட்டது. வங்கி வழியில் பெரிய செலவு நிலையானது, தொகை சின்னதோ பெரிதோ அந்த 20 டாலர் போகும். பேபாலின் செலவு தொகையோடு சேர்ந்து வளரும். நான் வைத்த எண்களில் இரண்டும் சமமாகும் இடம் சுமார் 370 டாலர். அதற்குக் கீழே டிடி கேட்பது வீண். டிடியை விட்டால் வழியில்லை என்றால் இரண்டு மூன்று பில்லைச் சேர்த்து ஒரே தடவையாக வாங்குங்கள்.

இதெல்லாம் நேரடியாகப் பிடித்த வாடிக்கையாளருக்கு. ஃபைவரில் வந்த வேலை என்றால் அவர்கள் 20 விழுக்காட்டை முதலிலேயே எடுத்துவிடுவார்கள்; மிச்சத்துக்குத்தான் இந்தக் கணக்கு.

வைஸ்தான் மலிவு என்றால் எல்லாரும் அதிலேயே வாங்கலாமே? எனக்கு இரண்டு இடத்தில் இடித்தது. என் இன்வாய்ஸில் பினாங்கு முகவரியைப் பார்த்த கணக்காளர், "ஓ, வெளிநாடு" என்று சுவிஃப்ட் வழியான சர்வதேச வயரைத் தட்டிவிட்டார். அப்புறம் அதே பழைய கதை, 1,000 என்று அனுப்பியது குறைந்து வந்தது. எங்கே குறைந்தது என்று பார்க்க அப்போது அனுப்பியவரிடம் MT103 என்ற சுவிஃப்ட் செய்தியின் நகல் கேட்க வேண்டியிருந்தது. அதில் 33B வரியில் அவர் அனுப்பச் சொன்ன தொகை, 71F வரியில் வழியில் பிடித்தது, 71A வரியில் செலவு யாருடையது என்பது இருந்தன. SHA என்றால் இருவரும் பகிர்வது, OUR என்றால் அனுப்புபவர் தலையில். எனக்கு வந்ததில் SHA. தப்பு என்னுடையதுதான், இன்வாய்ஸில் நான் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது நம் ஊருக்கே உரியது: பெயர். அடையாள அட்டையில் அப்பா பெயருக்கு முன்னால் a/p அல்லது a/l வரும். பல வெளிநாட்டுப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. வாடிக்கையாளர் அதை விட்டுவிடுவார், இல்லாவிட்டால் அப்பா பெயரை மட்டும் குடும்பப் பெயராகப் போடுவார். ஒரு தடவை பெயர் பொருந்தவில்லை என்று என் பணம் 9 நாள் நின்றது. வாடிக்கையாளர் மறுபடி கடிதம் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். இப்போது சாய்கோடு இல்லாமல் பெயரை எப்படித் தட்டச்சு செய்வது என்று இன்வாய்ஸிலேயே எழுதிவிடுகிறேன்.

பேபாலுக்கும் ஓர் இடம் உண்டு. கார்டில் மட்டுமே கட்டுவேன் என்கிற புது வாடிக்கையாளருக்கு அதுதான் சுலபம். ஆனால் அவர் 180 நாள் வரை புகார் கொடுக்கலாம். வேலையை ஒப்படைத்து, பணத்தை எடுத்துச் செலவும் செய்த பிறகு கேஸ் திறந்தால் கணக்கு மைனஸில் போகும். ஒப்படைத்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

டாலராகவே வைத்திருந்து விலை ஏறும்போது மாற்றலாமா என்றும் தம்பி கேட்டான். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வெள்ளியை நெருங்கியது. இன்னும் ஏறும் என்று வைத்திருந்தவர்கள் செப்டம்பர் கடைசியில் 4.12 பார்த்தார்கள். ஆயிரம் டாலருக்கு ஏறக்குறைய 680 வெள்ளி நஷ்டம். அரை விழுக்காடு கட்டணத்துக்கு இவ்வளவு மெனக்கெட்ட ஆள் இதில் கோட்டை விடலாமா? இன்னொன்று, வங்கி வைப்புத்தொகைக்கு பிஐடிஎம் 2,50,000 வெள்ளி வரை காப்பு தருகிறது. மின்பணக் கணக்கில் கிடப்பதற்கு அது கிடையாது. வாடகைக்கும் கார் தவணைக்கும் வேண்டியதை வந்த அன்றே மாற்றிவிடுகிறேன்.

வரிக் கணக்கில் வந்து சேர்ந்த 3,893-ஐ வருமானமாக எழுதாதீர்கள். 1,000 டாலரின் முழு மதிப்பு வருமானம், பிடித்தது செலவு. இரண்டுக்கும் காகிதம் வேண்டும், அதை 7 வருடம் வைத்திருக்க வேண்டும்.

தம்பிக்குக் கடைசியில் அனுப்பியது என் இன்வாய்ஸின் அடிப்பகுதியைத்தான். அதில் மூன்று வரி இருக்கும்: தொகை அமெரிக்க டாலரில்; ACH மட்டும், வயர் வேண்டாம்; வயர்தான் முடியும் என்றால் OUR, அதுவும் முடியாவிட்டால் கூடுதலாக 25 டாலர். மூன்றாவது வரியைப் பார்த்து எந்த வாடிக்கையாளரும் இதுவரை கோபப்பட்டதில்லை. பாதிப் பேர் அதைப் படித்த பிறகுதான் ACH-க்கு மாறினார்கள்.