லென்ஸ் வாடகை: முழு வைப்புத்தொகையா, 500 வெள்ளியும் கையெழுத்துமா?

பிரிக்பீல்ட்ஸில் திருமணப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். வாரநாளில் அலமாரியில் தூங்கும் 70-200 எம்எம் லென்ஸை இணையத்தில் விளம்பரம் செய்து, நாளுக்கு 90 வெள்ளிக்கு வாடகைக்கு விடுகிறேன். இன்று விற்றால் 6,000 வெள்ளி பெறும். அவ்வளவையும் வைப்பாகக் கேட்பதா, 500 வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதா? இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

முழுத் தொகை கேட்டால் நிம்மதி வரும், ஆள் வரமாட்டார். கையில் 6,000 வைத்திருப்பவர் சொந்தமாகவே வாங்கிவிடுவாரே! வந்த இருவரில் ஒருவர் காட்டிய வங்கி ரசீதும் போலி. என் கணக்கில் பணம் ஏறவேயில்லை. அன்றிலிருந்து பணம் வந்து சேர்ந்து, அனுப்பியவர் பெயர் அடையாள அட்டையோடு பொருந்திய பிறகுதான் பொருளைக் கொடுக்கிறேன். மைகார்டைப் பிணையாக வைத்துக்கொள்வதில்லை; அதற்குச் சட்டம் இடம் தரவில்லை.

500 வெள்ளிக்கு ஆள் வருகிறார். ஆனால் அது சிறு பழுதுக்குத்தான் காணும். மீதியைக் காப்பாற்றுவது ஒப்படைக்கும்போது எடுக்கும் படம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக் கொண்டுபோன ஓர் இளைஞர் லென்ஸைத் திருப்பித் தந்தபோது கண்ணாடியில் கீறலே இல்லை. முன்வளையம் மட்டும் லேசாக நசுங்கியிருந்தது. எஃப்/2.8இல் செங்கல் சுவரை நேராகப் படமெடுத்தேன். இடது மூலை மங்கல். விழுந்ததில் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருந்தது. பழுதுபார்க்க 1,350 வெள்ளி கேட்டார்கள்.

"முன்பே அப்படித்தான் இருந்தது, அண்ணா" என்றார். கொடுத்த நாளில் அவர் கண்முன்னே எடுத்த அதே சுவரின் படத்தையும், வரிசை எண் தெரியும் காணொளியையும் காட்டினேன். வைப்புத்தொகை போக மீதி 850ஐ இரண்டு தவணையில் கட்டினார். மறுத்திருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு உரிமைக்கோரலுக்குப் போயிருப்பேன். 5,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். லென்ஸே தொலைந்தால் இந்த வரம்பு போதாது.

"கீறல் விழுந்தால் வைப்பு முழுதும் எனக்கே" என்று எழுதி வைப்பதில் பயனில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் பார்க்கிறது. பழுதுச் சீட்டை வைத்துக் கழிப்பதே முறை.

காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். வீட்டுக் காப்புறுதி பொதுவாக வாடகைத் தொழிலை ஏற்பதில்லை. கேமராவுக்குத் தனியாக எடுத்த காப்புறுதியிலும் ஓர் ஓட்டை உண்டு. கீழே விழுந்தாலோ, பூட்டை உடைத்துத் திருடினாலோ பணம் வரலாம். நாமே கையில் கொடுத்தவர் திருப்பித் தராமல் மறைந்தால் பல ஒப்பந்தங்கள் விலக்கிவிடுகின்றன. என் முகவரிடம் இரண்டையும் எழுத்தில் கேட்டேன். கூடுதல் சந்தாவுக்கு வாடகைச் சேதம் உண்டு, ஏமாற்றிப் போனால் இல்லை என்று பதில் வந்தது.

அதனால் தெரிந்த புகைப்படக்காரருக்கு 500, முகம் தெரியாதவருக்கு 2,500 என்று வைத்திருக்கிறேன். லேசர் விளக்கு சுழலும் விருந்துக்கு லென்ஸ் மட்டும் போகும். கேமரா உடலைக் கொடுப்பதில்லை. லேசர் பட்டால் சென்சார் பாழாகிவிடலாம்.