அழகரின் பச்சைப் பட்டு ஏன் மஞ்சளானது: நிறம் சேர்க்கும் நாலு வழிகள்

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறத்தில் பட்டு உடுத்தி வருகிறார் என்பதை மதுரைக்காரர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். பச்சை என்றால் மழையும் விளைச்சலும் செழிக்கும் என்று நம்பிக்கை. அதனால் அந்த விடியலைப் படம் பிடித்து வெட்டி ஒட்டும் என் மாதிரி ஆளுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது. கல்யாண வீடியோவில் மணப்பெண் புடவையின் பச்சை கொஞ்சம் நகர்ந்தால் அந்த வீட்டோடு போய்விடும். இங்கே அது தப்பான சேதி ஆகிவிடும்.

ஒரு வருஷம் அப்படித்தான் ஆனது. எடிட் செய்து குடும்பத்துக்கு அனுப்பியிருந்தேன். பெரியம்மா போன் போட்டார். "ஏண்டா, தல்லாகுளத்துல பச்சையா இருந்தாரு. ஆத்துக்குள்ள வந்ததும் மஞ்சளா மாறிட்டாரா?" என்றார். நான் அவசரத்தில் தானியங்கி முறையில் எல்லாக் கிளிப்பையும் ஒன்றாக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அனுப்பியிருந்தேன். பிழை என்னுடையதுதான். அதற்கப்புறம்தான் இருக்கிற வழிகளை ஒரே கிளிப்புகளில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன்.

கிளிப்புகள் மூன்று வகை. முதலாவது, விடியலுக்கு முன் தல்லாகுளத்தில் அழகர் தங்கக் குதிரையில் புறப்படுவது. முழுக்க எல்இடி வெளிச்சம், லேசாகப் பச்சை ஓடும். இரண்டாவது, வைகைக்குள் ஐந்தரை மணிக்கு மேல் எடுத்தது. வானம் நீலம், ஒரு பக்கம் உயரக் கம்பத்தில் கட்டிய ஃபிளட் லைட். மூன்றாவது, வெயில் ஏறிய பிறகு ராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீய்ச்சும் காட்சி. பெரிய கேமராவில், எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் வெண்சமநிலையை 5600 கெல்வினில் பூட்டி, வெளிச்ச வித்தியாசங்களைச் சுருக்கிப் பதியும் 10 பிட் லாக் முறையில் எடுத்தேன். தம்பி தன் போனில், எல்லாம் ஆட்டோவில், 8 பிட்டில் எடுத்தான்.

எல்லாவற்றின் மேலும் ஒரே லட் போடுவதுதான் நிறைய பேர் முதலில் செய்வது. இதை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. லட் என்பது உள்ளே வரும் நிறத்துக்கு வெளியே போகும் நிறம் இன்னது என்று எழுதி வைத்த அட்டவணை. உள்ளே மூன்று கிளிப்பும் மூன்று விதமாக வந்தால், வெளியேயும் மூன்று விதமாகத்தான் வரும். கிளிப்புகளைச் சேர்த்து முடித்த பிறகு மொத்தத்துக்கும் ஒரு சாயல் கொடுக்க அது உதவும். சேர்க்கிற வேலையை அது செய்யாது.

அடுத்தது தானியங்கி. நான் எடிட் செய்யும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் மாற்ற வேண்டிய கிளிப்புகளைத் தேர்ந்துகொண்டு, மாதிரிக் கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்து `Shot Match to this Clip` கொடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். இது எப்போது சரியாக வருகிறது என்பதைக் கவனித்தேன். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், இரண்டு கேமரா ஏறக்குறைய ஒரே காட்சியை எடுத்திருந்தால் நன்றாக வருகிறது. ராமராயர் மண்டபத்தில் நானும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்தவற்றில் எண்பது சதவீத வேலையை அதுவே முடித்துக் கொடுத்தது.

ஆனால் படச் சட்டத்துக்குள் இருக்கிற பொருள்கள் வேறாக இருந்தால் வழுக்கிவிடுகிறது. தல்லாகுளத்துக் கிளிப்பில் பாதிச் சட்டம் தங்கக் குதிரை. ஆற்றுக் கிளிப்பில் பாதிச் சட்டம் நீல வானமும் கூட்டமும். ஒன்றில் மஞ்சள் மிகுதி, இன்னொன்றில் நீலம் மிகுதி. அந்த மஞ்சள் குதிரையினுடையது, விளக்கினுடையது இல்லை என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? படத்தின் மொத்த நிறப் பரவலை ஒன்றுபோல் ஆக்கப் பார்க்கிறது. ஆற்றுக் கிளிப்பிலிருந்து நீலத்தைப் பிடுங்குகிறது. நீலம் குறைந்தால் பச்சை மஞ்சளை நோக்கி நகரும். பெரியம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

மூன்றாவது வழி நிற அட்டை. 24 கட்டம் கொண்டது, கடைசி வரிசையில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஆறு சாம்பல் கட்டங்கள். படம் பிடிக்கும் இடத்தில், பொருளின் மேல் விழுகிற அதே வெளிச்சத்தில் ஒருவர் அதைப் பத்து விநாடி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு `Color Match` பகுதியில் திரையில் வரும் கட்டச் சட்டகத்தை அந்த அட்டையின் படத்தோடு பொருத்தி, கிளிப் எந்த முறையில் பதிவானது என்பதை மூலக் காமாவாகச் சொல்லி `Match` அழுத்தினால் போதும். இரண்டு வேறு கேமராக்களைச் சேர்க்க இதற்கு ஈடு இல்லை. ஏனென்றால் சாம்பல் இரண்டிலும் ஒன்றாக இருந்தாலும், போன் காட்டும் பச்சையும் பெரிய கேமரா காட்டும் பச்சையும் வேறாக இருக்கும். சாம்பலை மட்டும் வைத்துத் திருத்தினால் அந்த வித்தியாசம் தங்கிவிடும். அட்டையில் பச்சைக்கும் சிவப்புக்கும் தனித்தனிக் கட்டம் இருப்பதால் அதுவும் ஓரளவு சரியாகும்.

சரி, ஆற்றுக்குள் அட்டையைப் பிடிக்க முடியுமா? கையைத் தூக்கவே இடம் இல்லாத கூட்டம். பிடித்தாலும் இன்னொரு சிக்கல். விடியலில் வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. ஐந்தரைக்கு எடுத்த அட்டை ஆறு மணிக் கிளிப்புக்குச் செல்லாது. தல்லாகுளத்தில் எல்இடி ஒரே மாதிரி எரிந்துகொண்டிருக்கும், அங்கே அட்டை முழுக்கப் பயன்பட்டது. ஆற்றில் பயன்படவில்லை.

மிச்சம் இருப்பது, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் பரேடு என்ற வரைபடத்தைப் பார்த்துக் கையால் செய்வது. மெதுவான வழி. நான் கடைசியில் அதிகம் நம்புவதும் இதைத்தான். முதலில் ஒரு மாதிரிக் கிளிப். ஆறு மணி வாக்கில், ஃபிளட் லைட்டை வானம் மீறிவிட்ட, ஆனால் வெயில் இன்னும் நேரடியாக விழாத ஒரு கிளிப்பை எடுத்துக்கொண்டேன். அதில் பட்டின் பச்சை நான் கண்ணால் பார்த்தது போலவே இருந்தது.

இப்போது இரண்டு கிளிப்பிலும் உள்ள, நிறமே இல்லாத ஒரு பொருள் வேண்டும். இங்கேதான் எல்லோரும் வேட்டியைப் பிடிப்பார்கள், நானும் பிடித்தேன். சீர்பாதம் தாங்கிகள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டிதானே! ஆனால் சலவைத் தூளில் உள்ள வெண்மையூட்டிகள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும். அதனால் விடியல் வெளிச்சத்தில் வேட்டி உண்மையிலேயே நீலம் கலந்து தெரியும். புற ஊதா அநேகமாக இல்லாத எல்இடியில் அதே வேட்டி மங்கிய வெள்ளை. வீட்டில் சொட்டு நீலமும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். விடியல் கிளிப்பில் வேட்டியைச் சுத்த வெள்ளையாக்கினால் மற்றதெல்லாம் மஞ்சளாகும், பட்டும் சேர்ந்து. எதிர்கொண்டு வரும் வீரராகவப் பெருமாளின் வெள்ளிக் குதிரையும் உதவாது. பளபளப்பான பொருள் எதிரில் இருப்பதைத்தான் காட்டும். அது காட்டுவது வானத்தை.

நான் எடுத்துக்கொண்டது பாலத்தின் கைப்பிடிச் சுவர். சுத்தமான சாம்பல் இல்லை, கொஞ்சம் பழுப்பு ஓடும். ஆனால் இரண்டு கிளிப்பிலும் அதே சுவர், பளபளப்பு இல்லை, நீலம் போட்டுத் துவைக்கவில்லை. அது சாம்பலாக வர வேண்டியதில்லை, மாதிரிக் கிளிப்பில் எப்படி இருக்கிறதோ அப்படி வந்தால் போதும். 0 முதல் 1023 வரையான அளவில், மாதிரியில் சுவர் சிவப்பு 430, பச்சை 420, நீலம் 410. ஐந்தரை மணிக் கிளிப்பில் சிவப்பு 330, பச்சை 350, நீலம் 400.

முதலில், எல்லா அளவோடும் ஒரே எண்ணைக் கூட்டும் ஆஃப்செட்டைத் திருகி, மூன்றையும் சேர்த்துப் பரேடில் 60 ஏற்றினேன். 390, 410, 460 ஆனது. இது வெளிச்சத்தின் அளவு. அப்புறம் நிறம்: சிவப்பை 40 ஏற்றி, பச்சையை 10 ஏற்றி, நீலத்தை 50 இறக்கினால் சுவர் மாதிரியோடு பொருந்திவிடும். பொருத்திப் பார்த்தேன், பட்டு சரியாக இருந்தது. ஆனால் விடியல் காணாமல் போய்விட்டது. ஐந்தரை மணிக்கும் ஆறு மணிக்கும் வித்தியாசமே இல்லை. அதனால் நிறத் திருத்தத்தை மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்தினேன். கொஞ்சம் நீலம் தங்கியது, பட்டு பச்சையாகவே நின்றது. இந்த இடத்தில் எங்கே நிறுத்துவது என்பதை எந்தத் தானியங்கியும் எனக்காகச் சொன்னதில்லை.

ஆஃப்செட்டா, கெய்னா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். விளக்கு மாறும்போது ஒவ்வொரு நிறமும் ஒரு எண்ணால் பெருக்கப்படுகிறது. லாக் பதிவில் பெருக்கல் கூட்டலாகிவிடும், அதனால் கூட்டும் ஆஃப்செட் பொருந்துகிறது. போன் தரும் சாதாரணப் பதிவில் அது பெருக்கலாகவே இருக்கும், அங்கே பெருக்கும் கெய்ன்தான். போன் கிளிப்பில் ஆஃப்செட்டைத் திருகினால் நிழல்கள் நிறம் பூசிக்கொள்ளும். கறுப்புக் குடைத் துணி நீலமாகத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

போன் கிளிப்பில் வேறொரு தொல்லையும் உண்டு. குதிரை சட்டத்துக்குள் வந்ததும் ஆட்டோ வெண்சமநிலை "மஞ்சள் அதிகம்" என்று முடிவு கட்டி நீலத்தை ஏற்றும், குதிரை விலகியதும் இறக்கும். ஒரே கிளிப் நடுவில் நிறம் மாறும். இதற்கு அட்டையும் உதவாது, தானியங்கியும் உதவாது. மாறும் இடத்தில், அந்த நொடிக்கான திருத்தத்தைக் குறித்து வைக்கும் கீஃபிரேம் வைத்துச் சுவரைப் பின்தொடர வேண்டும். 22 விநாடிக் கிளிப்புக்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது. அடுத்த வருஷம் தம்பியின் போனில் வெண்சமநிலையைப் பூட்டச் சொல்லிவிட்டேன்.

ஃபிளட் லைட் ஒரு பக்கமும் வானம் மறுபக்கமும் விழும் கிளிப்புகளில் கையால் செய்வதும் திணறும். இடது பக்கத்துப் பச்சைச் சாயலை எடுக்க மெஜந்தா சேர்த்தால் வலது பக்கம் ஊதாவாகும். இடது பாதிக்கு மட்டும் விளிம்பு கரைந்த மாஸ்க் போட்டு, அது குதிரையோடு நகர டிராக்கர் விட்டேன். வாகனம் குலுங்கிக் குலுங்கி வரும், நடுவில் கைகள் உயரும், தண்ணீர் தெறிக்கும். டிராக்கர் இரண்டு இடத்தில் குதிரையை விட்டுவிட்டு யாரோ ஒருவரின் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு இடத்தையும் கையால் நகர்த்தினேன்.

இப்போது என் வேலை ஓடும் விதம் இது: தல்லாகுளத்துக்கு அட்டை, ராமராயர் மண்டபத்துக்குத் தானியங்கி போட்டுச் சிறு திருத்தம், ஆற்றுக்குப் பரேடும் பாலச் சுவரும். முடிந்ததும், நிறங்களை வட்டத்துக்குள் திசையாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் பட்டின் புள்ளி மூன்று இடத்திலும் ஒரே திசையில் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஒரு மண்டகப்படியில் பழைய சோடியம் விளக்கின் கீழ் எடுத்த எட்டு விநாடி மட்டும் எந்த வழிக்கும் மசியவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் பெயருக்குத்தான் இருந்தன, ஏற்றினால் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வருகிறது. பட்டு தெரியாதபடி சட்டத்தை நெருக்கி, தீவட்டியையும் முகங்களையும் மட்டும் காட்டி அதை மஞ்சளாகவே விட்டுவிட்டேன்.