பிளேடை மாற்றுவதா, கண்ணாடியைத் தேய்ப்பதா?

கார் வைப்பர் கடகடவென்று அதிர்ந்து கண்ணாடியை மங்கலாக்கினால், பலரும் நேராகப் புது பிளேடு வாங்கப் போவார்கள். நான் பிளேடை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியில் இருந்த பிசுக்கை எடுத்தேன். இனியும் முதலில் அதைத்தான் செய்வேன்.

பிளேடு மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. துடைத்த இடத்தில் எப்போதும் ஒரே வளைவில் ஒரு கோடு நின்றால் பெரும்பாலும் ரப்பர் ஓரம் கிழிந்திருக்கும். அதை எந்தக் கழுவலும் சரிசெய்யாது.

பிசுக்கின் அடையாளம் வேறு. பிளேடு போன தடத்தில் பனிபோல மங்கி, ஓரிரு நொடியில் தானாகத் தெளியும். பிளேடு சீராக ஓட, ரப்பரின் நுனி ஒரு பக்கம் சாய்ந்து இழுபட்டு வர வேண்டும், திரும்பும்போது மறுபக்கம் புரள வேண்டும். சாலைப் புகை, எண்ணெய், மெழுகு எல்லாம் திட்டுத்திட்டாகப் படிந்த கண்ணாடியில் தண்ணீர் சீராகப் பரவாது. காய்ந்த திட்டில் நுனி ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டும். அதுதான் அந்தக் கடகடப்பு. புது ரப்பரும் இதற்கு விலக்கல்ல.

சோதிக்க, கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே விரிப்பாக நின்றால் சுத்தம். அங்கங்கே உடைந்து ஒதுங்கினால் பிசுக்கு. நான் பாத்திரச் சோப்பில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். அப்புறமும் கீழ்ப் பாதியில் தண்ணீர் உடைந்தது. கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பசையை ஈரப் பஞ்சில் எடுத்து, காயவிடாமல் தேய்த்துக் கழுவிய பிறகே விரிப்பு நின்றது. ரப்பரை ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். அழுத்தினால் மேலிருக்கும் கிராஃபைட் பூச்சு போய்விடும்.

ஓட்டுநர் பக்கம் அடங்கிவிட்டது. பக்கத்து வைப்பர் மட்டும் மேலே ஏறும்போது அதிர்ந்தது, இறங்கும்போது இல்லை. ஒரு திசையில் மட்டும் என்றால் பெரும்பாலும் பிளேடைத் தாங்கும் வைப்பர் கை முறுகியிருக்கும். கண்ணாடி மேல் தடித்த துணி விரித்து (பிளேடில்லாத வைப்பர் கை ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும்), பிளேடைக் கழற்றி, கையை மெல்ல இறக்கிப் பார்த்தேன். நுனித் தகடு கண்ணாடிக்கு இணையாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு ஸ்பேனர் பிடித்து இம்மியளவு திருப்பினேன். ஸ்பிரிங்கே தளர்ந்து, வண்டி வேகமாகப் போகும்போது பிளேடு கண்ணாடியை விட்டு எழும்பினால் இந்த வித்தை பலிக்காது; கையையே மாற்ற வேண்டும்.

தேய்ப்பதில் ஒரு தொல்லை: பிசுக்கு திரும்பத் திரும்பப் படியும், வேலையும் திரும்ப வரும். ஆனால் பிளேடு மாற்றினாலும் அந்த வேலை போகாது. சிலிக்கோன் பிளேடுகளை நான் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்லை, உழைப்பைப் பற்றிப் பேச மாட்டேன். அவை கண்ணாடியில் நீரை விலக்கும் ஒரு படலத்தை விட்டுச் செல்பவை. அது சீராகப் படிய, பழைய பிசுக்கை முதலில் எடுத்தாக வேண்டும்.