மருந்து அடித்த அன்றே மாப் போடச் சொன்னால் உஷார்

கரப்பானுக்கு மருந்து அடித்துவிட்டுக் கிளம்பும் ஆள், "நாலு மணி நேரம் கழிச்சு ஃபினாயில் போட்டு வீடு முழுக்கத் துடைச்சிடுங்க, வாடை போயிடும்" என்று சொன்னால் அவரை வாசலிலேயே நிறுத்துங்கள். ஒரு வீட்டில் நடந்தது இது. மூன்று மாத உத்தரவாதம் என்று அட்டை கொடுத்தார்கள். ஆள் சொன்னபடியே அன்று மாலை மூலைமுடுக்கெல்லாம் துடைத்தாயிற்று. சரியாக மூன்றரை வாரத்தில் அடுப்படி முழுக்க எறும்பு அளவில் குட்டிக் கரப்பான்கள். போன் செய்தால், "தரையைத் துடைச்சீங்களா? அப்ப உத்தரவாதம் செல்லாது, மறுபடி பணம் கட்டணும்" என்று பதில். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. துடைக்கச் சொன்னதும் அவர்கள் ஆள்தான்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். டெல்டாமெத்ரின், லாம்டா-சைஹலோத்ரின் மாதிரியான மருந்துகளைத் தண்ணீரில் கலந்து அடிக்கிறார்கள். தண்ணீர் காய்ந்து போகும். மருந்து கண்ணுக்குத் தெரியாத படலமாக அங்கேயே நிற்கும். கரப்பான் அதன்மேல் நடக்கும்போது காலில் ஒட்டி உடம்புக்குள் போகிறது. அடிக்கும்போது நேரடியாகச் சாவது கொஞ்சம்தான். மீதி வேலையை முழுக்கச் செய்வது இந்தப் படலம். சுத்தமான டைல்ஸில், யாரும் தொடாத இடத்தில், அது ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை நிற்கும். பூசாத சிமெண்ட், வெயில் படும் ஜன்னலோரம் என்றால் அதற்குள்ளேயே வீரியம் குறைந்துவிடும்.

அவ்வளவு நாள் எதற்கு? வீடுகளில் அதிகம் பெருகும் ஜெர்மன் கரப்பானின் முட்டைக்கூட்டுக்குள் மருந்து ஏறாது. ஒரு கூட்டில் 30-40 முட்டை. பொரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். குஞ்சு வெளியே வரும் நாளில் படலம் அங்கே இருக்க வேண்டும். முதல் நாளே துடைத்த வீட்டில் குஞ்சுகள் இறங்குவது சுத்தமான தரையில். அந்த மூன்றரை வாரக் கணக்கு தற்செயல் இல்லை.

"இந்த மருந்துதான் தண்ணீரில் கரையாதே, பிறகு எப்படிப் போகும்?" என்று சிலர் கேட்பார்கள். வெறும் தண்ணீரில் கரையாதுதான். ஆனால் ஃபினாயிலிலும் தரை கழுவும் திரவத்திலும் சோப்பு இருக்கிறது. அது மருந்தைப் பெயர்க்கும், மாப் அதைத் தேய்த்து வாளிக்குள் கொண்டுபோய்விடும். பிளீச்சிங் பவுடர், சலவை சோடா போன்ற காரப் பொருள்கள் மருந்தையே சிதைக்கும். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் அடிப்பதும் வீண்: மருந்து பிசுக்குக்குள் இறங்கிவிடும், கரப்பான் காலுக்கு எட்டாது. ஆகவே தேய்த்துக் கழுவுவதெல்லாம் மருந்து அடிப்பதற்கு முந்தின நாள். ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

அதற்காக மூன்று மாதம் வீட்டைத் துடைக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். கரப்பான் நடுக்கூடத்தில் உலாத்துவதில்லை, சுவரை ஒட்டியே ஓடும். மருந்தும் சுவரடி, சிங்க்கின் கீழ், அலமாரிக் கீல், குழாய் நுழையும் ஓட்டை, ஃபிரிட்ஜின் பின்புறம் என்று இடுக்குகளில்தான் அடிக்கப்பட வேண்டும். முழுக்கக் காய்ந்து, காற்றோட்டம் விட்ட பிறகு நடுத்தரையைத் தாராளமாகத் துடைக்கலாம். குழந்தை தவழும் வீட்டில் துடைத்தே ஆக வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் அகலத்தை மட்டும் குறைந்தது நான்கு வாரம் ஈரத்துணி படாமல் விடுங்கள். தூசியைத் துடைப்பத்தால் லேசாகத் தள்ளினால் போதும். சமைக்கும் மேடையில் மருந்து பட்டிருந்தால் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். அங்கே அடித்ததே தப்பு.

முதல் சில நாள் பகலிலேயே கரப்பான்கள் தள்ளாடி வெளியே வந்தால் பதற வேண்டாம், மருந்து வேலை செய்கிறது. மூன்றாம், நான்காம் வாரம் குட்டிகள் செத்துக் கிடந்தாலும் அப்படியே. குட்டிகள் சுறுசுறுப்பாக ஓடினால்தான் கோளாறு: படலம் போயிருக்கலாம், அல்லது அந்த மருந்துக்கு அவை பழகியிருக்கலாம். சுவரடியைத் துடைக்கவே இல்லையென்றால் இரண்டாவதுதான் சந்தேகம். அப்போது அதே மருந்தை மறுபடி அடிக்க விடாதீர்கள், வேறு வகை மருந்தோ ஜெல்லோ கேளுங்கள்.

ஆள் வந்ததும் மருந்துப் புட்டியைக் கேட்டு வாங்கி, பெயர், வீரியம், காலாவதித் தேதி மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். பெயர் ஒட்டாத கேனில் ஏற்கனவே கலந்து கொண்டுவந்தால் அடிக்க விடவேண்டாம். எந்த இடத்தை எத்தனை நாள் துடைக்கக்கூடாது என்பதை உத்தரவாத அட்டையிலேயே அவர் கையால் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பணத்தை எண்ணாதீர்கள்.