தொழிற்சாலை கைமாறினால் இலை ஒப்பந்தம் என்ன ஆகும்? நான்கு வழிகள்

கோத்தகிரி பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயிகள் குழு, ஒரு பிரைவேட் லிமிடெட் தொழிற்சாலைக்கு மூன்று வருடம் பச்சை இலை தருவதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பெனியின் பங்குகள் முழுவதும் கோயம்புத்தூரில் உள்ள ஒரு தாய்க் கம்பெனியிடம் இருக்கின்றன. தாய்க் கம்பெனி ஒரு குடும்பத்துடையது. குழு நம்பியது அந்தக் குடும்பத்தைத்தான். ஒரு நாள் அந்தக் குடும்பம் தாய்க் கம்பெனியில் 60 சதவீதத்தை வெளியூர் முதலீட்டாளர்களுக்கு விற்றுவிடுகிறது.

தொழிற்சாலைக் கம்பெனியின் பங்குதாரர் பதிவேட்டில் ஒரு எழுத்துகூட மாறாது. பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் வங்கிக் கணக்கும் அதேதான். மாறியது மேல்மாடியில். இந்த நிலையில் ஒப்பந்தத்தில் எந்த வகைப் பிரிவு இருந்தால் விவசாயிக்கு உதவும் என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருப்பது, ‘இந்த ஒப்பந்தத்தை வேறு யாருக்கும் மாற்றித் தரக்கூடாது’ என்ற ஒரு வரி. பலர் இது போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. கம்பெனி வேறு, பங்குதாரர் வேறு என்பது நம் சட்டத்தில் உறுதியான நிலை. 1954-இல் பாச்சா குஸ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது, அதுவும் தேயிலைக் கம்பெனிப் பங்குகள் சம்பந்தமாகவே. பங்கு கைமாறியதால் ஒப்பந்தம் கைமாறியதாக ஆகாது; அந்த வரி இங்கே வேலைக்கே வராது.

இரண்டாவது வழி, ‘எங்கள் முன் சம்மதம் இல்லாமல் கம்பெனியின் மீதான கட்டுப்பாடு வேறு கைக்கு மாறக்கூடாது’ என்பது. படிக்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. விற்பனையை அவர்கள் முடித்துவிட்டால், குழு தொழிற்சாலைக் கம்பெனி மீதுதான் நஷ்டஈடு கேட்க முடியும். இலையும் பணமும் ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தால் என்ன நஷ்டம் என்று காட்டுவது? அதோடு, தன் உரிமையாளர் விற்பனையையே தடுக்கும் பிரிவுக்கு எந்தத் தொழிற்சாலையும் எளிதில் ஒத்துக்கொள்ளாது.

மூன்றாவது, கட்டுப்பாடு மாறினால் ஒப்பந்தம் தானாகவே ரத்து. விவசாயிக்கு இதுதான் ஆபத்தானது என்பேன். பறித்த இலையை அன்றன்றைக்கே தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இலை குவியும் மாதத்தில் ஒப்பந்தம் விழுந்தால் வண்டியை எங்கே திருப்புவது? விலை சரிந்திருக்கும்போது, பழைய நிபந்தனைகளிலிருந்து வெளியேற நினைக்கும் புது முதலாளிக்கே இந்தப் பிரிவு கதவைத் திறந்துவிடும்.

நான் தேர்ந்தெடுப்பது நான்காவதை: கம்பெனி அறிவிப்புத் தர வேண்டும், விலகுவதா தொடர்வதா என்பதை விவசாயி மட்டும் முடிவு செய்வார், விலகினால் பாக்கி முழுவதும் உடனே தர வேண்டும். கணக்குப் பார்த்தால் கடைசிப் பகுதியின் அருமை தெரியும். தினம் 2,000 கிலோ, மாதம் 25 நாள், கிலோ 20 ரூபாய் என்றால் ஒரு மாதப் பாக்கி 10 லட்சம். அடுத்த மாதம் 10-ஆம் தேதி பட்டுவாடா என்றால், அதற்குள் இன்னும் 8 நாள் இலை போயிருக்கும், அது 3.2 லட்சம். ஆக 13.2 லட்சம் முன்பின் தெரியாதவர்களின் கையில் இருக்கிறது.

இந்தப் பிரிவும் சொற்களில் கவனமாக இல்லாவிட்டால் ஓட்டையாகிவிடும். ‘51 சதவீதப் பங்கு மாறினால்’ என்று மட்டும் எழுதினால், 49 சதவீதத்தோடு பெரும்பான்மை இயக்குநர்களை நியமிக்கும் உரிமையையும் வாங்கியவர் தப்பிவிடுவார். 2013 கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 2(27), பெரும்பான்மை இயக்குநர்களை நியமிப்பதையும் நிர்வாக முடிவுகளைக் கட்டுப்படுத்துவதையும் ‘கட்டுப்பாடு’ என்கிறது. அதையே எடுத்துக்கொண்டு, ‘நேரடியாகவோ, தாய்க் கம்பெனி வழியாக எத்தனை படி மேலேயோ’ என்று சேர்க்க வேண்டும். நம் உதாரணத்தில் விற்பனை நடந்தது அந்த மேல்படியில்தான். அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வாரிசாகப் போவதை விலக்கிவிடலாம். தொழிற்சாலை தரப்பு அதை நியாயமாகவே கேட்கும்.

அறிவிப்புக்கு 7 நாள், விலகும் முடிவுக்கு 90 நாள் என்று வைக்கலாம். அந்த 90 நாளும் விற்பனைத் தேதியிலிருந்து அல்ல, குழுவுக்கு எழுத்தில் தகவல் வந்த நாளிலிருந்து ஓட வேண்டும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் விற்று, கெடுவைக் கழித்துவிடலாம். இடைப்பட்ட நாட்களில் வாராவாரம் பணம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்த பிறகும் பேசாமல் இலை போட்டுக்கொண்டிருந்தால், புது ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள். அதனால் முதல் வாரத்திலேயே ‘உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பிவிடுவது நல்லது.

இதற்கும் எல்லை உண்டு. புது உரிமையாளர் கம்பெனியைக் காலி செய்துவிட்டால் உடனடிப் பாக்கி என்ற உரிமை காகிதத்தில்தான் நிற்கும். ஒரு மாத இலைத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் கிடைத்தால் அதுதான் பாதுகாப்பு.

ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்திலும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் துணை ஒப்பந்தமாக இதைச் சேர்க்கலாம். உறைபனியில் இலை குறைந்து, தொழிற்சாலைகள் இலைக்கு அலையும் ஜனவரி, பிப்ரவரியில் கேளுங்கள்; மே மாதத்தில் கேட்டால் காது கொடுக்க மாட்டார்கள்.